சாப்பிடும் முன் ஒன்று, பின் ஒன்று: எந்த வேளை சர்க்கரையை ஏற்றுகிறது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்குப் போய்வரும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வழக்கம் பழகிப்போயிருக்கும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பார்கள். பக்கத்து ஓட்டலிலோ, கையோடு கொண்டுபோன டிபன் பாக்ஸிலோ இரண்டு இட்லி சாப்பிடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கையை நீட்டுவார்கள். மாலையில் ரிப்போர்ட் வரும். அதில் ஃபாஸ்டிங் ஓர் எண், பிபி ஓர் எண். ‘சாப்பாட்டுக்குப் பின்னால் என் சர்க்கரை இவ்வளவு’ என்று அடுத்த மூன்று மாதமும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அந்த பிபி எண் சொல்வது ஒரே ஒரு நாளின் ஒரே ஒரு காலை டிபனைப் பற்றி மட்டும்தான். அதுவும் லேபுக்குப் போகிற நாள் என்பதால் அளவாகச் சாப்பிட்ட டிபன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்ன ஆகிறது, இரவு உணவுக்குப் பின் என்ன ஆகிறது என்பதை எந்த ரிப்போர்ட்டும் சொல்வதில்லை. வீட்டில் ஒரு குளுக்கோமீட்டரும் பதினெட்டு ஸ்ட்ரிப்புகளும் இருந்தால் மூன்றே வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் திட்டத்தோடு குத்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒருவரை வைத்துக்கொள்வோம். ஐம்பத்திரண்டு வயதுப் பள்ளி ஆசிரியை. தஞ்சாவூர்ப் பக்கம் வீடு. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் மாத்திரை, வேறு மருந்து இல்லை. கடைசி ரிப்போர்ட்டில் ஃபாஸ்டிங் 118, பிபி 152. இரண்டுமே பரவாயில்லாத எண்கள். ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.4 என்று நிற்கிறது. போன முறையும் அதேதான்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எச்பிஏ1சி எண்ணை 28.7-ஆல் பெருக்கி அதிலிருந்து 46.7-ஐக் கழித்தால், அந்த மாதங்களில் ரத்தச் சர்க்கரையின் சராசரி ஏறக்குறைய கிடைக்கும். 7.4-க்கு அது 166. லேபில் அவருக்கு வந்த இரண்டு எண்களுமே இந்தச் சராசரிக்குக் கீழே இருக்கின்றன. அப்படியென்றால் நாளின் வேறு ஏதோ ஒரு நேரத்தில், யாரும் பார்க்காதபோது, சர்க்கரை 166-ஐத் தாண்டி வெகுதூரம் போய் வருகிறது. எப்போது என்பதுதான் கேள்வி. ஆசிரியைக்கு ஒரு சந்தேகம் உண்டு: மதியச் சோறு. நம் வீடுகளில் எல்லோருடைய சந்தேகமும் முதலில் சோற்றின் மேல்தான் விழும்.

பிரான்ஸில் லூயி மொனியே என்ற மருத்துவரின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பின்னணி தருகிறது. எச்பிஏ1சி 7.3-க்குக் கீழே இருந்தவர்களிடம், கூடுதல் சர்க்கரையில் சுமார் 70 சதவீதம் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் ஏற்றத்திலிருந்து வந்தது. 10-க்கு மேல் இருந்தவர்களிடம் நிலைமை தலைகீழ். அவர்களுக்கு வெறும் வயிற்றிலேயே எண் உயர்ந்து கிடந்தது. ஆசிரியையைப் போல ஏழரைக்குள் வந்து அதற்கு மேல் இறங்காமல் நிற்பவர்கள், தினமும் விடிகாலையில் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்ப்பதில் அதிகப் பயனில்லை. திருடன் வராத வாசலில் காவல் நிற்பதுபோல் ஆகிவிடும்.

இனி ஜோடிப் பரிசோதனை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு குத்தல். முதல் கவளத்தை வாயில் வைப்பதற்குச் சற்று முன்பு ஒன்று. அந்த முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவது அந்தச் சாப்பாடு ஏற்றிய அளவு.

நேரத்தைக் கணக்கிடுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கை கழுவி எழுந்த பிறகு கடிகாரம் பார்ப்பவர்கள் உண்டு. இருபத்தைந்து நிமிடம் சாப்பிட்டவருக்கு அது இரண்டரை மணி நேரக் குத்தலாகிவிடும். ஏறிய சர்க்கரை அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். முதல் குத்தலை முடித்துவிட்டு இலை முன் உட்காரும்போதே செல்போனில் அலாரம் வைத்துவிடுவது நல்லது. அந்த இரண்டு மணி நேரத்தில் வேறு எதையும் சாப்பிடக் கூடாது. பதினோரு மணி காபியும், ஸ்டாஃப் ரூமில் யாரோ நீட்டிய பிறந்தநாள் கேக்கும் இடையில் வந்துவிட்டால், அந்த ஜோடியை அடித்துவிட்டு இன்னொரு நாள் பார்க்க வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். வாழைப்பழம் உரித்த விரல், மாம்பழம் நறுக்கிய விரல், பேரனுக்கு லட்டைப் பிட்டுக் கொடுத்த விரல் எதுவாக இருந்தாலும், அதில் ஒட்டியிருக்கும் இனிப்பு சொட்டு ரத்தத்தோடு கலந்து, இல்லாத சர்க்கரையை மீட்டரில் காட்டிவிடும். எதிர்பாராமல் 280, 300 என்று வந்தால் பதறுவதற்கு முன் கையைக் கழுவிவிட்டு வேறு விரலில் ஒருமுறை பார்க்கலாம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவைக்க வேண்டும். காற்றின் ஈரம் பட்ட ஸ்ட்ரிப் தப்பான எண் காட்டும்.

எல்லா வேளையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, இன்சுலின் போடாதவர்களுக்காக 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறைகள் இருக்கின்றன. ஆசிரியை வாரத்துக்கு மூன்று ஜோடி என்று வைத்துக்கொண்டார். திங்கள் காலை டிபன், புதன் மதியச் சாப்பாடு, வெள்ளி இரவு. அடுத்த வாரம் நாள்களை மாற்றிக்கொண்டார். மூன்று வாரத்தில் ஒவ்வொரு வேளைக்கும் மூன்று ஜோடி. மொத்தம் பதினெட்டு ஸ்ட்ரிப். பள்ளியில் இருக்கும் நாள்களில் மீட்டரைக் கைப்பையில் எடுத்துப் போனார். ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு, அதற்குப் பின் நடந்தாரா உட்கார்ந்திருந்தாரா என்பதை ஒரு வரி எழுதினார்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. இந்த மூன்று வாரமும் வழக்கமாகச் சாப்பிடுவதையே, வழக்கமான அளவில் சாப்பிட வேண்டும். மாத்திரையையும் வழக்கம்போலப் போட வேண்டும். குத்தப்போகிறோம் என்று தெரிந்ததும் கை தானாக ஓர் இட்லியைக் குறைத்துக்கொள்ளும். அதை அனுமதித்தால் மொத்த முயற்சியும் வீண். லேபில் ஆசிரியையின் பிபி 152 வந்ததன் ரகசியமும் இதுதான். அன்று அவர் சாப்பிட்டது இரண்டு இட்லி. வீட்டில் சாப்பிடுவது நான்கு.

அவருடைய நோட்டில் வந்த எண்களைப் பார்ப்போம். காலை டிபனில் 118-லிருந்து 214. இன்னொரு நாள் 121-லிருந்து 225. மூன்றாவது நாள் 115-லிருந்து 203. மதியச் சாப்பாட்டில் 149-லிருந்து 193, 158-லிருந்து 207, 143-லிருந்து 182. இரவில் 132-லிருந்து 178, 137-லிருந்து 171, 129-லிருந்து 207.

சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்களை மட்டும் பார்த்தால் என்ன தோன்றும்? காலையில் ஒரு நாள் 203, மதியம் ஒரு நாள் 207. இரண்டும் ஒன்றுதான், மதியச் சோறும் குற்றவாளிதான் என்று தோன்றும். ஆனால் 203 என்பது 115-லிருந்து ஏறியது. அந்த டிபன் 88 புள்ளி ஏற்றியிருக்கிறது. 207 என்பது 158-லிருந்து ஏறியது. அந்தச் சோறு ஏற்றியது 49 மட்டுமே. மாதக் கடைசியில் மின்சார மீட்டரில் ஓடிய எண்ணை மட்டும் பார்த்து எவ்வளவு செலவானது என்று சொல்ல முடியாது; போன ரீடிங்கைக் கழித்தால்தான் தெரியும். இங்கேயும் அப்படித்தான். ஒற்றை எண் சர்க்கரை எங்கே நிற்கிறது என்று சொல்லும். எந்த வேளை அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதைக் கழித்தல்தான் சொல்லும்.

கழித்துப் பார்த்தால் காலை டிபன் சராசரியாக 96 புள்ளி ஏற்றுகிறது, மதியச் சாப்பாடு 44. ஐம்பதுக்குள் ஏறினால் பொதுவாகப் பரவாயில்லை என்று மருத்துவர்கள் கொள்வார்கள். சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, பின் 180-க்குள் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஆசிரியை இத்தனை நாள் சந்தேகப்பட்ட மதியச் சோறு, எண்களின்படி வீட்டிலேயே மிதமாக ஏற்றும் வேளை.

காலையில் இப்படி ஏறுவதற்குக் காரணம் உண்டு. விடியும் நேரத்தில் உடலில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. அவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச் செய்யும். இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். சர்க்கரை நோய் உள்ள பலருக்கு, இரவில் தாங்கும் அதே உணவு காலையில் கூடுதலாக ஏறுவது இதனால்தான். அதோடு, மையாக அரைத்துப் புளித்து வெந்த இட்லி சீக்கிரம் செரித்துவிடும். அவருடைய காலைத் தட்டில் நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும்தான். மதியத் தட்டிலோ சோற்றோடு சாம்பார், ஒரு பொரியல், ஒரு கூட்டு, மோர், சில நாள் மீன். நாரும் புரதமும் சேரும்போது சோறு செரிக்கும் வேகம் குறைகிறது. சாப்பிட்டதும் வகுப்புக்கு வகுப்பு நடக்கவும் செய்கிறார்.

மதியத்துக்கு முந்தைய எண்களையும் கவனிக்க வேண்டும். 149, 158, 143. எல்லாமே 130-க்கு மேலே. அது மதியச் சாப்பாட்டின் குற்றம் இல்லை. இன்னும் சாப்பிடவே இல்லையே. காலையில் ஏறிய சர்க்கரை நான்கு மணி நேரமாகியும் முழுக்க இறங்கவில்லை என்பதன் அடையாளம் அது. காலை டிபன் தன் கணக்கையும் கெடுத்து, மதியத்தின் கணக்கையும் கெடுத்துக்கொண்டிருந்தது.

இரவு எண்களில் ஒன்று ஒட்டவில்லை. 46, 34, பிறகு திடீரென்று 78. மூன்றையும் கூட்டி வகுத்து 53 என்று எழுதிவைத்தால் அது எந்த இரவையும் குறிக்காத எண். நோட்டின் அந்த ஒரு வரி இங்கேதான் உதவுகிறது. முதல் இரண்டு நாள் இரண்டு சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும். மூன்றாம் நாள் தாமதமாக வந்து, ஒரு பெரிய தட்டு ரவை உப்புமாவும் வாழைப்பழமும். எண் வேளையைச் சேர்ந்ததல்ல, அந்த உணவைச் சேர்ந்தது. சந்தேகமாக இருந்தால் உப்புமா செய்யும் இன்னோர் இரவில் ஒரு ஜோடி பார்த்தால் போதும்.

ஒரே ஜோடியை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் மீட்டர். சர்வதேசத் தர விதிப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது லேப் அளவோடு ஒப்பிட்டு 15 சதவீதம் வரை மீட்டர் ஏறியோ இறங்கியோ காட்டலாம். 100-க்குக் கீழே 15 புள்ளி வரை. அதாவது உண்மையான 200, மீட்டரில் 170 என்றும் வரலாம், 230 என்றும் வரலாம். கழித்தலில் இரண்டு குத்தலின் பிழையும் சேரும். ஆகவே 44-க்கும் 49-க்கும் வித்தியாசம் தேடுவதில் பொருளில்லை. 44-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசம் மூன்று நாளும் திரும்பத் திரும்ப வந்தால் நம்பலாம். மூன்று வாரமும் ஒரே மீட்டரில், முடிந்தால் ஒரே டப்பா ஸ்ட்ரிப்பில் பார்ப்பது நல்லது.

கண்டுபிடித்த பிறகு செய்வதில்தான் அவசரம் கூடாது. மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஆசிரியை மற்ற இரண்டு வேளையையும் தொடவில்லை. காலைத் தட்டை மட்டும் மாற்றினார். நான்கு இட்லி இரண்டானது. கூட ஓர் அவித்த முட்டை, சட்னிக்குப் பதிலாகக் காய் நிறையப் போட்ட சாம்பார். பிறகு காலையில் மறுபடியும் மூன்று ஜோடி. 117-லிருந்து 172, 120-லிருந்து 181, 114-லிருந்து 163. ஏற்றம் 96-லிருந்து 55-க்கு வந்துவிட்டது. மதியம் கை வைக்கும் முன் பார்த்த எண்களும் 127, 131, 124 என்று இறங்கின. மதியத் தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை; ஆனாலும் சாப்பிட்ட பின் எண் 175-ஐ ஒட்டி வந்தது.

முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டலை வைத்துப் பார்க்கலாம். இட்லியைக் குறைக்க மனமில்லாதவர், அதே நான்கு இட்லியோடு சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடந்து பார்க்கலாம். எது தனக்கு வேலை செய்கிறது என்பதை அவரவர் மீட்டரே சொல்லும். ஓட்ஸ் நல்லது, சிறுதானியம் நல்லது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு அளவு பார்க்காமல் சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். கேழ்வரகுக் கூழ் இட்லியைவிட அதிகமாக ஏற்றுவதைத் தன் மீட்டரில் பார்த்து வியப்பவர்கள் உண்டு.

வீட்டில் குத்திப் பார்ப்பதால் உண்மையில் பயன் உண்டா என்று மருத்துவ உலகில் நீண்ட வாதம் நடந்திருக்கிறது. இன்சுலின் போடாத 450 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் ஒருமுறை குத்தியவர்களுக்கும் குத்தாதவர்களுக்கும் எச்பிஏ1சி-யில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்கு முன் 2011-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், 483 பேரில் ஒரு பகுதியினர் மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் மூன்று நாள் மட்டும், ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பின்னும் படுக்கும்போதும் குத்தி, அதைப் படிவத்தில் எழுதிக் கொண்டுபோனார்கள். ஓராண்டில் அவர்களுக்கு எச்பிஏ1சி 1.2 இறங்கியது, மற்றவர்களுக்கு 0.9. பிரமாதமான இடைவெளி என்று சொல்ல முடியாது. ஆனால் எண்களைக் கண்ணால் பார்த்த மருத்துவர்கள், சிகிச்சையை மாற்றியதும் இவர்களிடம்தான் அதிகம். குத்துவதும் பார்ப்பதும் மட்டும் எதையும் இறக்காது. அந்த எண்ணை வைத்து யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும்.

இரண்டு மணி நேரக் கணக்கு ஏமாற்றுகிற உணவுகளும் இருக்கின்றன. பிரியாணி, பரோட்டா சால்னா போல எண்ணெயும் கொழுப்பும் கூடிய சாப்பாடு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். இரண்டு மணி நேரத்தில் 160 என்று காட்டி நிம்மதி தந்துவிட்டு, நான்காவது மணியில் 210-இல் நிற்கலாம். அப்படிப்பட்ட நாளில் மூன்றாவதாக ஒரு குத்தல், நான்கு மணி நேரத்தில், தேவைப்படும். காய்ச்சல் கண்ட நாள், ஸ்டீராய்டு மருந்து எடுக்கிற நாள், இரவெல்லாம் தூங்காத நாள் ஆகியவற்றின் எண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முந்தைய எண்ணே 180, 200 என்று எல்லா வேளையிலும் நின்றால், தட்டை மாற்றுவதால் தீராது; அடிப்படை மருந்தை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

ஆசிரியை மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பதால் இரண்டு இட்லியைத் துணிந்து குறைத்தார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இப்படிப் பாதியாகக் குறைக்கக் கூடாது. அந்த மருந்து, பழைய அளவுச் சாப்பாட்டை எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்டது. சாப்பாடு குறைந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். அவர்களும் முதல் மூன்று வாரம் தாராளமாக அளந்து பார்க்கலாம், மாற்றுவதை மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எல்லைகளே வேறு, இன்னும் கடுமையானவை. அவர்களின் அட்டவணையை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

முதல் கவளத்தோடு போட வேண்டிய வோக்லிபோஸ் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த பிறகு போடுகிறவர்கள் நிறையப் பேர். மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்துவதுதான் அதன் வேலை என்பதால், நேரம் தவறினால் பலன் குறையும். ஒரு வேளை மட்டும் தாறுமாறாக ஏறுகிறது என்றால், தட்டைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த வேளை மாத்திரையை எப்போது விழுங்குகிறோம் என்றும் நோட்டில் எழுதிப் பார்க்கலாம்.

ஆசிரியை அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோனது லேப் ரிப்போர்ட்டோடு நோட்டின் இரண்டு பக்கங்கள். மூன்று வேளை, முன் பின் எண்கள், எதிரில் அன்றைய சாப்பாடு. மருத்துவர் புதிய மாத்திரை எதையும் சேர்க்கவில்லை. மூன்று மாதம் இதே டிபனோடு தொடரச் சொல்லிவிட்டு, அடுத்த எச்பிஏ1சி-க்குச் சீட்டு எழுதினார். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் காலைக்கும் இரவுக்கும் மட்டும் மறுபடி ஜோடி பார்த்து வரவும், உப்புமா செய்யும் நாளை விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளவும் சொன்னார்.